ஸ்லைடுகளுக்கு நடுவே இருப்பது: பைராம் தோட்டத்துக் குப்பை மேட்டை அசைபடக் காணொலியாக்கும் வழி

பினாங்கு என்றதும் நினைவுக்கு வரும் ஜார்ஜ் டவுனிலிருந்து தள்ளி, பெருநிலப் பகுதியின் தெற்கே, நிபோங் திபாலுக்கு அருகில் இருக்கிறது பைராம் தோட்டம். அதன் பக்கத்திலேயே, பைராம் வனக்காப்புப் பகுதியில், புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு உள்ளது. பினாங்கு மாநிலத்தின் குப்பை வந்து சேரும் இடம் இதுதான். பொறியியல் ஆய்வுகளில் இந்தக் கிடங்கின் பெயர் அடிக்கடி வரும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் நிபோங் திபாலில்தான் இருப்பதால், இங்கே கசியும் கறுப்பு நீரைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தபோது, பக்கத்தில் வாழும் மக்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்.

இப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பற்றி நிறைய ஸ்லைடுகள் இருக்கும். பொறியாளர் கருத்தரங்குக்குச் செய்தது ஒன்று, அதிகாரிகள் விளக்கக் கூட்டத்துக்குச் செய்தது இன்னொன்று. தோட்டத்தில் உள்ள ஒரு பாட்டிக்கும் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பேரனுக்கும் புரியும்படி ஒன்றரை நிமிட அசைபடம் வேண்டும் என்று யாராவது கேட்டால், "ஸ்லைடு ஏற்கெனவே இருக்கே, அதை அசைய வைத்தால் போதாதா?" என்றுதான் முதலில் தோன்றும். போதாது என்பது என் முடிவு. ஏன் போதாது, அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புலாவ் பூரோங்கையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

ஸ்டோரிபோர்டு என்பது காட்சிகளை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன அசைகிறது, என்ன குரல் ஒலிக்கிறது, எத்தனை நொடி என்று எழுதிய தாள். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி படக்கூடத்தில் ஓவியங்களைச் சுவரில் வரிசையாகக் குத்திவைத்து, பிடிக்காததைக் கழற்றி, இடம் மாற்றிப் பார்த்ததில் இது வளர்ந்தது. அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் வெப் ஸ்மித் என்பார்கள். விளக்கக் காணொலி என்ற தனி வகைக்கு வடிவம் கிடைத்தது வெகு பின்னால். 2007இல் அமெரிக்காவின் காமன் கிராஃப்ட் தம்பதியர், வெட்டிய காகித உருவங்களைக் கையால் நகர்த்தி இணையத் தொழில்நுட்பங்களை விளக்கினார்கள். 2010இல் லண்டனின் ஆர்எஸ்ஏ நிறுவனம், உரைகளைக் கேட்டபடியே வெள்ளைப் பலகையில் வரையும் காணொலிகளை வெளியிட்டது. இரண்டிலும் குரல் முதலில் பிறந்தது, படம் அதைப் பின்தொடர்ந்தது. தோட்டப்புறங்களுக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவு, ஒரே படத்துக்கு மலாய், சீனம், தமிழ் என்று வெவ்வேறு பின்னணிக் குரல் சேர்த்தது. அந்தப் படங்கள் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் திரையிடப்பட்டன.

ஸ்லைடிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அவர்கள் கையில் படம் ஏற்கெனவே இருக்கிறது, குரல் இல்லை.

பட்டியல் மறைப்பது

நம்பத்தக்க ஒரு ஸ்லைடுத் தொகுப்பை வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 ஸ்லைடுகள். முதலாவது தலைப்பு, இரண்டாவது பொருளடக்கம். மூன்றில் வரைபடமும் 62.4 ஹெக்டர் என்ற பரப்பளவும். நான்கில் கிடங்கின் வரலாறு: 1991இல் ஒழுங்குபடுத்தப்பட்ட கிடங்காக மாறியது, 2001இல் கசிவு நீரைத் திரும்பச் செலுத்தும் முறைக்கு உயர்ந்தது. ஐந்தில் நாளொன்றுக்கு வரும் குப்பை, ஆறில் அதில் எது எவ்வளவு என்ற வட்ட வரைபடம். ஏழில் கிடங்கின் குறுக்குவெட்டு. எட்டிலும் ஒன்பதிலும் கசிவு நீரின் தன்மையும் சுத்திகரிப்பும். பத்தில் தீயின் புகைப்படங்கள், பதினொன்றில் தீக்கான காரணங்கள், பன்னிரண்டில் பொதுமக்கள் செய்யக்கூடியவை. கடைசி இரண்டும் மேற்கோள்களும் நன்றியும்.

பதினோராவது ஸ்லைடைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். "குப்பைக் கிடங்குத் தீ: காரணங்கள்" என்ற தலைப்பின் கீழ் ஐந்து புள்ளிகள்: மீத்தேன் வாயு, உள்வெப்பம், ஆக்சிஜன், மின்கலங்கள், வறண்ட வானிலை. ஐந்தும் ஒரே அளவு எழுத்தில், ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஆனால் இந்த ஐந்தும் ஒரே வகை அல்ல. மீத்தேனும் குப்பையும் எரிபொருள். ஆக்சிஜன் எரிவதற்குத் தேவையானது. நசுங்கிய லித்தியம் மின்கலம் நெருப்பு மூட்டக்கூடியது. உள்வெப்பமும் நெருப்பு மூட்டலாம், ஆனால் மெதுவாக. வறண்ட வானிலை நேராக எதையும் எரிப்பதில்லை. மேல் மண்ணை வெடிக்க வைத்துக் காற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. எது எதைத் தூண்டுகிறது என்ற உறவு அந்த ஸ்லைடில் எங்கும் எழுதப்படவில்லை. பேச்சாளர் வாயால் சொல்லியிருப்பார். ஸ்லைடு கோப்பு மட்டும் நம்மிடம் வந்து சேரும்போது அந்த வாய்ச்சொல் வருவதில்லை.

எட்வர்ட் டஃப்டி 2003இல் எழுதிய சிறு நூலின் மையக் குற்றச்சாட்டு இதுவே: புள்ளிப் பட்டியல் காரண காரிய உறவை விழுங்கிவிடுகிறது. அதே ஆண்டு கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்ததற்கு முன்பு பொறியாளர்கள் காட்டிய ஸ்லைடை அவர் வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். விபத்து விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் ஸ்லைடுகளை நம்பித் தொழில்நுட்ப விளக்கம் தருவதைக் கண்டித்தது. அறிவார்ந்த பேச்சாளர் பக்கத்தில் நிற்கும்வரை பட்டியலால் கெடுதல் அதிகமில்லை. அவர் இல்லாமல் பட்டியலை மட்டும் அசைய வைத்தால், அந்த விழுங்கல் அப்படியே திரைக்கு வந்துவிடும்.

அதனால் ஸ்டோரிபோர்டுக்கான முதல் வேலை வரைவதல்ல, கேட்பது. ஸ்லைடு செய்தவரை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்லைடையும் தோட்டத்து மக்களுக்குச் சொல்வதுபோலப் பேசச் சொல்லி, பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "அதனால", "ஆனா", "அப்புறம்", "இல்லாட்டி" ஆகிய நான்கு சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் ஒரு காட்சி ஒளிந்திருக்கிறது. பேச்சாளர் கிடைக்காவிட்டால், ஸ்லைடின் அடியில் உள்ள குறிப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். பலர் திறப்பதே இல்லை. சில வேளை பேச்சின் பாதி அங்கே கிடக்கும்.

ஒரு கேள்வி, ஒரு சங்கிலி

14 ஸ்லைடுகளையும் 90 நொடிக்குள் திணித்தால் ஒன்றுக்கு ஆறரை நொடி கிடைக்கும். அது விளக்கம் ஆகாது. பார்வையாளர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைராம் தோட்டத்தில் அந்தக் கேள்வியைத் தேடி அலைய வேண்டியதில்லை: தண்ணீர் பீய்ச்சி அணைத்த பிறகும் ஏன் புகைந்துகொண்டே இருந்தது?

இந்தக் கேள்விக்கு ஆறு, ஏழு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய ஐந்து ஸ்லைடுகள் போதும். வரலாறும் பரப்பளவும் கசிவு நீரும் வேண்டாம். கசிவு நீர் முக்கியமில்லை என்பதல்ல. அது இன்னொரு காணொலிக்குரிய இன்னொரு கேள்வி. ஸ்லைடு செய்தவருக்கு இந்த வெட்டு வலிக்கும், ஏனென்றால் பல ஆண்டு உழைப்பு எட்டாவது ஸ்லைடில்தான் இருக்கும். ஆனால் 62.4 ஹெக்டர் என்பதைக் குரலில் சொல்ல "அறுபத்திரண்டு புள்ளி நான்கு ஹெக்டர்" என்று மூன்று நொடி செலவாகிறது. அது ஏறக்குறைய 87 கால்பந்துத் திடல் என்று சொல்லாமல் கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. அதற்குப் பிறகும், தீ ஏன் அணையவில்லை என்பதற்கு அந்த எண் எந்த வகையிலும் உதவவில்லை.

மிஞ்சிய ஐந்து ஸ்லைடுகளிலிருந்து கிடைக்கும் சங்கிலி இது. புதைந்த உணவுக் கழிவை நுண்ணுயிர்கள் தின்கின்றன, அந்த வேலையில் வெப்பம் எழுகிறது, உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்கிறது. அது தீர்ந்ததும் ஆக்சிஜன் வேண்டாத வேறு நுண்ணுயிர்கள் பொறுப்பேற்று மீத்தேனை வெளியிடுகின்றன. கிடங்கு வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மேல் மண் வெடித்தால் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. சூடேறிய இடத்தில் காற்று பட்டதும் குப்பை சுடர் விடாமல் கனலத் தொடங்குகிறது. மேலே ஊற்றும் நீர் குப்பைக்குள் பரவாமல் கிடைத்த இடுக்கில் வழிந்து இறங்கிவிடுகிறது. எனவே மண்ணால் மூடிக் காற்றை அடைக்க வேண்டும், அல்லது கனலும் பகுதியைத் தோண்டி எடுத்து நனைத்து ஆறவைக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மாற்றம். ஒரு காட்சி என்பது ஒரு மாற்றம். ஒரு ஸ்லைடு அல்ல. அதனால் பதினோராவது ஸ்லைடு ஒன்றே நான்கு காட்சிகளாகப் பிரியும். பத்தாவதில் உள்ள ஆறு புகைப்படங்களும் ஒரே காட்சிக்குள் அடங்கும். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் பல்லாண்டுகளாகச் செய்த கற்றல் சோதனைகளில் மிகப் பிரபலமான பாடம், மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் குரலோடு கூடிய அசைபடம். அது சுமார் 140 நொடி, 16 படிகள். ஒரு படிக்கு ஒன்பது நொடிக்கும் சற்றுக் குறைவு. நம் 90 நொடிக்கு ஒன்பது அல்லது பத்துக் காட்சி என்ற கணக்கும் அதை ஒட்டியே வருகிறது.

காட்சிகளைச் சுவரில் ஒட்டத் தொடங்கியதும் இன்னொன்று நடக்கும். ஸ்லைடுகளுக்குள் இருக்கும் முரண் வெளியே வரும். ஏழாவது ஸ்லைடில் உள்ள குறுக்குவெட்டு, புலாவ் பூரோங்கின் பாதிக்காற்று முறையைக் காட்டுகிறது. ஜப்பானின் ஃபுகுவோகாவில் உருவான முறை அது. அடியில் துளையிட்ட பெரிய குழாய்கள் இருக்கும். அவை கசிவு நீரை வெளியேற்றும். குழாயின் திறந்த முனை வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும். குப்பைக்குள் உள்ள வெப்பமே அந்தக் காற்றை இழுக்கும். காற்றுப் பட்டால் குப்பை வேகமாக மக்கும், மீத்தேன் குறையும் என்பது அதன் நோக்கம். அப்படியானால் ஏழாவது ஸ்லைடில் காற்று நல்லது, பதினொன்றாவதில் காற்று ஆபத்து. பேச்சில் இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம் ஓடியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அசைபடத்தில் இரண்டும் இருபது நொடி இடைவெளியில், ஒரே நீல அம்புக்குறியாக வந்து நிற்கும்போது, பேரன் உடனே கேட்பான்: "குழாய் வழியா காத்து போனா தீப்பிடிக்காதா?"

இதற்கு எழுத்தாளர் தானாக ஒரு பதிலைப் புனையக் கூடாது. ஈரமான குப்பைக்குள் அடியிலிருந்து சீராகப் போகும் காற்று வேறு, ஏற்கெனவே சூடேறி உலர்ந்த ஒரு பொதிக்குள் வெடிப்பு வழியாகப் பாயும் காற்று வேறு என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இந்தக் கிடங்கில் எது எப்படி என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஸ்டோரிபோர்டுத் தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் "ஸ்லைடு எண்" என்று ஒரு கட்டம் இருப்பது இதற்காகவே. எந்த ஸ்லைடிலிருந்தும் வராத வரி எதுவோ, அது நாம் இட்டு நிரப்பியது. அந்த வரிகளைச் சிவப்பில் குறித்துப் பொறியாளரிடம் கொடுத்தால் அரைமணி நேரத்தில் முடியும் வேலை, அசைபடம் முடிந்தபின் தெரியவந்தால் ஒரு வாரத்தைத் தின்னும்.

குரல்

இப்போதுதான் எழுத வேண்டும். ஆங்கிலக் கையேடுகள் நிமிடத்துக்கு 150 சொல் என்று கணக்குச் சொல்கின்றன. அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் குரல் கலைஞர் மூச்சுத் திணறுவார். "அணைத்துவிட்டதற்குப் பிறகும்" என்பதில் இரண்டே சொல். அசைகளோ பத்து. நிதானமான தமிழ் விளக்கத்துக்கு நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்து எழுதத் தொடங்கலாம். 90 நொடியில் படம் மட்டும் பேச வேண்டிய இடங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி ஒதுக்கினால் மிஞ்சுவது ஏறக்குறைய 130 சொல். இதுவும் தொடக்கக் கணக்கே. சரியான அளவு, எழுதியதை வாய்விட்டுப் படித்துக் கைப்பேசியில் பதிந்து பார்ப்பதில்தான் தெரியும்.

எந்தத் தமிழ்? தோட்டத்து மக்களுக்கு என்றால் என் தேர்வு பேச்சுத் தமிழே. இதற்கு உணர்ச்சியைத் தாண்டிய ஆதாரமும் உண்டு. மூச்சு எப்படி நடக்கிறது என்று விளக்கும் சிறு அசைபடத்தில், "நுரையீரல்" என்ற இடங்களில் "உங்கள் நுரையீரல்" என்று மட்டும் மாற்றி மேயரும் அவர் கூட்டாளிகளும் 2004இல் சோதித்தார்கள். அப்படிக் கேட்டவர்கள், புரிந்ததைப் புதிய கேள்விக்குப் பொருத்திப் பார்ப்பதில் மேலாக இருந்தார்கள். தமிழில் "நாம போடுற சோறு" என்பது அந்த வேலையைச் செய்கிறது. "வீட்டுக் கரிமக் கழிவு" செய்வதில்லை. அதற்காக லா, மா என்று வலிந்து சேர்த்து மலேசியத் தமிழை நடித்துக் காட்டுவதும் வேண்டாம். உள்ளூர்க் குரல் ஒன்று படித்தால் ஊர் தானாக வந்துவிடும்.

முதல் காட்சி இப்படி: மேட்டின் மேல் ஈரமண். தீயணைப்பு வண்டி இடப்பக்கமாகத் திரையை விட்டுப் போகிறது. இரண்டு நொடி எதுவும் அசைவதில்லை. பிறகு ஓரத்தில் ஓர் இழை புகை. குரல்: "தீ அணைஞ்சிருச்சு. வண்டியும் போயிருச்சு. ஆனா புகை மட்டும் நிக்கல. ஏன்?" ஒன்பது சொல், ஆறு நொடி, அசையாத இரண்டு நொடியையும் சேர்த்து எட்டு. தலைப்பு ஸ்லைடு, பொருளடக்கம், அலுவலகச் சின்னம் மூன்றும் சேர்ந்து செய்யாததை இந்த எட்டு நொடி செய்கிறது. சின்னம் வேண்டுமானால் கடைசியில் வரட்டும்.

இரண்டாவது காட்சியில் மேடு குறுக்காக வெட்டப்பட்டு உள்ளே தெரிகிறது. குரல்: "மேட்டை வெட்டிப் பார்ப்போம். நாம போடுற சோறு, காய்கறி, காகிதம் எல்லாம் அடுக்கடுக்கா உள்ள கிடக்கு." ஆறாவது ஸ்லைடின் வட்ட வரைபடம் இங்கே கரைந்துவிட்டது. சதவீதங்கள் இல்லை, ஆனால் உணவுக் கழிவின் அடுக்கு மற்றவற்றைவிடத் தடிப்பாக வரையப்படும். அளவு படத்தில் போகட்டும், பொருள் குரலில் வரட்டும்.

ஆறாவது காட்சியில் ஒரு சிக்கல். குரல்: "மேல ஊத்துற தண்ணி எல்லா இடத்துக்கும் போகாது." தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. "மேல ஊத்துற தண்ணி எல்லா இடத்துக்கும்" என்று ஒலிக்கும்போதே ஓவியர் நீரைக் குப்பை முழுதும் பரவவிட்டால், "போகாது" என்ற சொல் வரும்போது திரை அதற்கு நேர் எதிரானதைக் காட்டி முடித்திருக்கும். கண் பார்த்ததையே மனம் நம்பும். இது ஆங்கில ஸ்டோரிபோர்டுகளில் இந்த அளவுக்கு எழாத சிக்கல். அங்கே மறுப்பு வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. தமிழில் இரண்டு வழி உண்டு. பெயர்ச்சொல் ஒலிக்கும்போது பொருளை மட்டும் திரைக்குக் கொண்டுவந்து, வினை ஒலிக்கும் கணம்வரை அசைவை நிறுத்திவைக்கலாம். இல்லாவிட்டால் வாக்கியத்தை உடைக்கலாம்: "தண்ணி ஊத்துறாங்க. அது பரவல. கிடைச்ச வழியில ஓடி, கீழ இறங்கிரும்." மூன்று சிறு வாக்கியம், மூன்று அசைவு. பெரும்பாலும் இரண்டாவது வழியே நல்லது. தாளில் குரல் வரியை எழுதும்போது, அசைவு தொடங்க வேண்டிய சொல்லின் கீழ்க் கோடிட்டு வைத்தால் ஓவியருக்குக் குழப்பமே வராது.

இதே சிக்கலின் பெரிய வடிவம் எட்டாவது காட்சியில் இருக்கிறது. எதனால் தீப்பற்றியிருக்கலாம் என்ற காட்சி அது. ஸ்லைடில் "சாத்தியமான காரணங்கள்" என்று இருக்கும். அசைபடத்தால் சாத்தியத்தை வரைய முடியாது. ஒரு மின்கலம் நசுங்கிப் பொறி பறப்பதை வரைந்துவிட்டால், பார்த்தவர்கள் எல்லாருக்கும் தீ அதனால்தான் வந்தது. குரல் "இருக்கலாம்" என்று கடைசிச் சொல்லாகச் சேர்ப்பதால் எதுவும் மாறாது. பொறி பறந்து முடிந்துவிட்டது. 2022 தீயைப் போல, மக்கள் மூச்சுமுட்டிய ஒரு நிகழ்வில் இது சின்னத் தவறு அல்ல. யார் மேலோ பழி விழுகிறது, அல்லது யாரோ தப்பிக்கிறார்கள். ஆகவே அந்தக் காட்சியில் முதலில் குரல்: "எதனால பத்துதுன்னு எல்லாத் தீயிலயும் உறுதியா சொல்ல முடியாது." பிறகு மூன்று சிறு சட்டங்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவில், புள்ளிக்கோட்டு ஓரத்தோடு தோன்றும்: தானாக ஏறும் சூடு, நசுங்கிய மின்கலம், வெளியிலிருந்து வரும் நெருப்பு. எதிலும் தீ எரிவதாக வரையக் கூடாது. முழுக்கோடு நடந்ததற்கு, புள்ளிக்கோடு நடந்திருக்கக் கூடியதற்கு என்ற வழக்கத்தைப் படம் முழுக்கக் காப்பாற்ற வேண்டும்.

திரையில் எழுத்து

ஸ்லைடிலிருந்து வருகிறவர்கள் எழுத்தை விடமாட்டார்கள். குரல் சொல்வதையே திரையிலும் முழுதாக எழுதிவைப்பார்கள். படமும் குரலும் மட்டும் இருக்கும் பாடத்தைவிட, அதே சொற்களைத் திரையிலும் சேர்த்த பாடத்தில் கற்றல் குறைகிறது என்று மேயரின் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டின. கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறுகிறது. ஆனால் 2008இல் மேயரும் ஜான்சனும் இந்த விதியைத் திருத்தினார்கள்: படத்தின் உரிய பாகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று சொல் மட்டும் வைத்தால் கெடுதல் இல்லை, நினைவில் நிற்கவும் உதவுகிறது. எனவே நான்காவது காட்சியில் குரல் "அதுங்க விடுற வாயுதான் மீத்தேன்" என்னும்போது, குமிழிக்குப் பக்கத்தில் "மீத்தேன்" என்ற ஒரு சொல் போதும்.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அவை பெரும்பாலும் தம் தாய்மொழியில் கேட்ட கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. காது கேளாதவர்களுக்கும், சத்தமான உணவுக்கடையில் கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கும், தமிழைக் கேட்கத் தெரிந்து படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் வசனவரி வேண்டும். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி 1990களிலிருந்து முன்னெடுத்த ஒரே மொழி வசனவரித் திட்டம், திரைப்பாட்டின் சொற்களை அதே மொழியில் திரையில் ஓடவிட்டு வாசிப்பை வளர்ப்பது பற்றியது. ஆகவே வசனவரியைப் படத்தின் உள்ளேயே எரித்துவிடாமல், வேண்டியவர் போட்டுக்கொள்ளும் தனிக் கோப்பாகத் தருவதே சரி. ஸ்டோரிபோர்டில் கீழ் ஓரத்தை அதற்காகக் காலியாக விட்டுவைக்க வேண்டும். பிறகு இடம் தேடினால் கிடைக்காது.

மலாய், சீனக் குரலும் வேண்டுமென்றால், மூன்று மொழியிலும் தற்காலிகக் குரலைப் பதிந்த பிறகே நொடிகளை உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நீளமான மொழி எதுவோ அதன் நேரமே காட்சியின் நேரம்.

வரைவதற்கு முன் சோதனை

காட்சி ஓவியங்களைத் தற்காலிகக் குரலோடு நேரப்படி அடுக்கி ஓடவிட்டால் அதற்கு அனிமேட்டிக் என்று பெயர். பென்சில் கோடுகள் போதும். இதை மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். முதலில் குரலை அணைத்துவிட்டுப் பார்க்கவும். எழுத்து மட்டும் நகர்ந்து, வேறெதுவும் மாறாத காட்சி ஏதாவது இருந்தால் அது இன்னும் ஸ்லைடாகவே இருக்கிறது. அடுத்து, திரையைத் திருப்பிவைத்துக் குரலை மட்டும் கேட்கவும். குரல் மட்டுமே முழுக் கதையையும் சொல்லிவிட்டால், படம் அலங்காரமாகக் கிடக்கிறது, வரிகளைக் குறைக்கலாம். "இங்க பாருங்க" மாதிரியான வரிகளில் குரல் ஒன்றும் சொல்லாமல் நின்றால், அந்தக் காட்சியில் படம் போதுமானதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். தோட்டத்தில் இதுவரை இந்த வேலையில் தொடர்பில்லாத ஒருவருக்கு ஒருமுறை காட்டிவிட்டு, "தீ ஏன் அணையல?" என்று மட்டும் கேளுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். பிடித்தது என்றுதான் சொல்வார்கள். அவர் சொல்லும் விளக்கத்தை நம் சங்கிலியோடு ஒப்பிடுங்கள். "தண்ணி பத்தல" என்று சொன்னால் ஆறாவது காட்சி தோற்றுவிட்டது. "மீத்தேன் வெடிச்சுது" என்றால், நான்காவது காட்சியின் குமிழிகள் வெடிகுண்டுபோல வரையப்பட்டிருக்கின்றன. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால்தான் தீப்பற்றும். நம் கதை வெடிப்பைப் பற்றியது அல்ல, கனலைப் பற்றியது. "காத்து போகாம மண்ணுப் போட்டு மூடணும்" என்று அவரே சொல்லிவிட்டால் ஓவியருக்குப் பச்சைக்கொடி காட்டலாம்.

பன்னிரண்டாவது ஸ்லைடு, பொதுமக்கள் செய்யக்கூடியவை, கடைசிக் காட்சியாகிறது. ஸ்லைடில் ஏழு அறிவுரை இருந்தாலும் சங்கிலியோடு ஒட்டுவது இரண்டுதான்: சோற்றுக் கழிவைத் தனியாக எடுப்பது, மின்கலங்களைக் குப்பைப் பையில் போடாதிருப்பது. முதல் யோசனை இரண்டாவது காட்சியில் தடிப்பாக வரைந்த அடுக்கை மெலிதாக்குகிறது. இரண்டாவது யோசனை எட்டாவது காட்சியின் புள்ளிக்கோட்டுச் சட்டங்களில் ஒன்றை அழிக்கிறது. பினாங்கில் குப்பையைப் பிரித்துப் போடும் கொள்கை 2016லிருந்தே இருக்கிறது. "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்ற வரி ஸ்லைடில் இருந்தால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

விளக்கக் கூட்டங்களில் ஸ்லைடு காட்டிப் பேசும் பொறியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேடையேறும்போது கைப்பேசியில் உங்கள் பேச்சைப் பதிவு செய்து, ஸ்லைடு கோப்போடு அதே கோப்புறையில் சேர்த்து வைத்துவிடுங்கள். பின்னால் அதைத் தமிழில் காணொலியாக்க வருகிறவருக்கு ஸ்லைடுகளைவிட அந்தப் பதிவுதான் அதிகம் பயன்படும்.